பாக்கிக்குத் தவணையும் புதிய பில்களுக்கு 60 நாள் கெடுவும் கேட்டு

03.10.2025, வெள்ளி
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை

பெறுநர்: திரு. முருகேசன் அவர்கள், அழகு சாதன மொத்த விநியோகம், சௌகார்பேட்டை

பொருள்: ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பில் பாக்கி ரூ. 82,250

அன்புள்ள முருகேசன் அண்ணனுக்கு,

வணக்கம். நம் கணக்கு 30 நாள் கெடுவில் ஓடுகிறது. ஜூன் பில் வரை தேதி தப்பவில்லை. ஜூலையிலிருந்து தப்பியிருக்கிறது. உங்கள் சேல்ஸ்மேன் இரண்டு முறை வந்து கேட்டும் "அடுத்த வாரம்" என்றே சொல்லி அனுப்பினோம், அது சரியில்லை. அதனால் முழுக் கணக்கையும் எழுத்தில் வைக்கிறேன்.

இன்றைய தேதியில் எங்கள் லெட்ஜர்படி:

12.07.2025 பில் ரூ. 38,400, கட்டியது 10,000, பாக்கி 28,400
09.08.2025 பில் ரூ. 31,250, முழுவதும் பாக்கி
05.09.2025 பில் ரூ. 22,600, முழுவதும் பாக்கி, கெடு நாளை மறுநாள்

மொத்தம் 82,250. இது தவிர, உங்கள் சொந்த யூனிட்டில் காய்ச்சும் ஹனி வேக்ஸுக்கு 05.09.2025 அன்று தனியாகப் போட்ட பில் 9,750. அதை இந்தக் கோரிக்கையில் சேர்க்கவில்லை, இன்று காலை என்இஎஃப்டி அனுப்பிவிட்டேன். வாங்கி விற்கும் சரக்குக்குக் கெடு நாம் பேசிக்கொள்வதுதான். ஆனால் உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்டினால் உங்களுக்கு வட்டி கேட்கும் உரிமை வரும், வருமான வரியில் எங்களுக்கு அந்தச் செலவு கட்டிய வருடத்தில்தான் கழியும். ஆகவே வேக்ஸ் பில்லை இனியும் 30 நாளிலேயே தீர்ப்போம். அதை மற்ற சரக்கோடு ஒரே பில்லில் சேர்க்காமல், இப்போது போலத் தனியாகவே போடுங்கள்.

பாக்கி விழுந்த காரணம்: ஏப்ரல் முதல் ஜூன் வரை வரி போக மொத்த வரவு 6,45,000. ஜூலையில் 1,31,000, ஆகஸ்டில் 1,24,000, செப்டம்பரில் 1,46,000, ஆக 4,01,000. ஏறக்குறைய 38 சதவீதம் இறக்கம். ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை ஆடி, செப்டம்பர் 17 முதல் புரட்டாசி. நடுவில் ஆவணி ஒன்றுதான் கல்யாண மாதம். முந்தைய காலாண்டில் 17 மணப்பெண் அலங்காரம், இதில் 4. ஆடி வருடா வருடம் வருவதுதான், அதற்குக் கை வைத்திருந்தோம். இந்த முறை ஆகஸ்டில் மழைநீர் வடிகால் வேலைக்காக வாசலில் 24 நாள் பள்ளம் கிடந்தது. பலகை மேல் ஏறி வர வேண்டியிருந்ததால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வரவில்லை. த்ரெடிங், ஹேர் கட் என்று தினமும் கையில் புரளும் சில்லறை வரவு அடிபட்டது அதில்தான்.

வாடகை 28,000, நான்கு பேர் சம்பளம் 62,000, கரண்ட் சராசரி 8,500, நாற்காலி லோன் தவணை 14,200. மாதம் 1,12,700 நகராத செலவு. மூன்று மாதத்திலும் சேர்த்து அது போக நின்றது 62,900. ஜூன் பில் 34,000, ஜூலை பில்லில் 10,000 இரண்டையும் அதிலிருந்துதான் கட்டினோம்.

செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 ஆகிவிட்டது, ஆனால் இன்புட் கிரெடிட் கிடையாது. ஷாம்பு, ஹேர் ஆயில் மாதிரி 5க்கு இறங்கியவை போக, 18லேயே நிற்கும் சரக்குக்கு நாங்கள் தரும் வரி இனி எங்கள் அடக்கத்தில் ஏறுகிறது. ரேட் கார்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். வரி குறைந்ததென்று கேட்டு வருகிறவர்களிடம் இதை விளக்குவது தனி வேலை.

கேட்பது இரண்டு.

ஒன்று, பாக்கியை பில்லுக்கு பில் தீர்க்க அனுமதி. ஜூலை பாக்கி 28,400 அக்டோபர் 25, ஆகஸ்ட் பில் 31,250 நவம்பர் 15, செப்டம்பர் பில் 22,600 நவம்பர் 29. மூன்றுக்கும் தேதியிட்ட செக் இணைத்துள்ளேன். வங்கியில் போடும் முந்தைய நாள் ஒரு போன் போதும். தொகை குறையும்போல் இருந்தால் மூன்று நாள் முன்பே நான் சொல்லிவிடுவேன், செக் திரும்பும்படி விட மாட்டேன். பழைய பில்லை ரத்து செய்து புதுத் தேதியில் போட வேண்டாம். உங்கள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்கெனவே ஏறியது, இரண்டு பேர் கணக்கும் குழம்பும்.

இரண்டு, இன்று முதல் ஜனவரி 31 வரை போடும் பில்களுக்கு (வேக்ஸ் நீங்கலாக) 60 நாள் கெடு. டிசம்பர் 16இல் மார்கழி பிறக்கிறது, தை வரை கல்யாணம் இல்லை. பிப்ரவரி 1 முதல் பழையபடி 30 நாள். 60 முடியாதென்றால் 45 ஆனாலும் சமாளிப்பேன். தவணைத் தேதிகளை முன்னால் இழுத்தால்தான் முடியாது.

தீபாவளி அக்டோபர் 20. அதற்கான ஆர்டர் சுமார் 40,000, பட்டியல் தனித்தாளில். அதில் 12,000 சரக்கு இறங்கும்போதே ரொக்கம், மீதி 28,000 கெடுவில். ஐப்பசி, கார்த்திகைக்கு 11 மணப்பெண் புக்கிங் முன்பணத்தோடு உறுதியாகியிருக்கிறது. தலைக்கு 2,000 வீதம் 22,000 தனியாக வைத்திருக்கிறேன், ரொக்கம் அதிலிருந்து. இந்த ஆர்டரால் மொத்த பாக்கி 1,10,250 ஆகி, உங்கள் ஒரு லட்சம் லிமிட்டை 10,250 தாண்டும். அக்டோபர் 25 செக் பாஸானதும் 81,850க்கு இறங்கிவிடும். அந்த இரண்டரை வாரத்துக்கு மட்டும் லிமிட்டைப் பார்க்காமல் சரக்கு விட வேண்டும்.

முழு ஆர்டரும் இயலாதென்றால் 20 வால்யூம் டெவலப்பர், பிளீச், வேக்ஸ் மூன்றையும் நிறுத்தாதீர்கள். லிட்டர் கேனில் டெவலப்பர் கால்வாசிதான் இருக்கிறது. 60 மில்லி கலர் ட்யூபுக்கு 90 மில்லி போகும், இரண்டு தலைக்கு மேல் வராது. அலமாரியில் கலர் எவ்வளவு இருந்தும் அது இல்லாமல் பயனில்லை.

பர்கண்டி ஷேட் 12 ட்யூப் சீல் பிரிக்காமல் நிற்கிறது, இந்தப் பக்கம் கேட்பது நேச்சுரல் பிளாக்கும் டார்க் பிரவுனும்தான். தலா 185 வீதம் 2,220க்கு கிரெடிட் நோட் தந்தால் நவம்பர் 29 செக்கை 20,380க்கு மாற்றித் தருகிறேன். தராவிட்டாலும் தவணையில் மாற்றமில்லை.

பில்லின் அடியில் கெடு தாண்டினால் 24 சதவீத வட்டி என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன தேதிகளில் கட்டினால் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கிறேன். எந்தத் தவணை தப்புகிறதோ அந்த பில்லுக்கு மட்டும், அதன் பழைய கெடு நாளிலிருந்து வட்டி போடுங்கள், மறுபேச்சில்லை. ஏழு நாளில் கட்டினால் கிடைக்கும் 3 சதவீதக் கழிவை ஜனவரி முடியும்வரை கேட்க மாட்டோம்.

சம்மதமானால் இத்துடன் உள்ள நகலில் கையெழுத்தும் சீலும் போட்டு சேல்ஸ்மேனிடம் கொடுத்தனுப்புங்கள். 7ஆம் தேதிக்குள் தெரிந்தால் 8ஆம் தேதி சரக்கு இறக்கிக்கொள்ள முடியும். அதற்கு மேல் தீபாவளிக் கூட்டத்தில் எம்.சி. ரோடு பக்கம் வண்டி நுழையாது. எப்படியும் காலை 9 மணிக்கு முன் அனுப்புங்கள், கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ரேவதி
உரிமையாளர், மகளிர் அழகு நிலையம்

இணைப்பு: லெட்ஜர் நகல், செக் 3, தீபாவளி ஆர்டர் பட்டியல், இக்கடிதத்தின் நகல் 1