தமிழாசிரியை அம்மாவின் பணி நிறைவு விழாவில் வாசிக்கும் உரை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

60 வயது நிறைந்து இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தமிழாசிரியை அம்மாவிடம் நான் இதே பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். பிறகு கணித ஆசிரியராகத் திரும்பி வந்து, 11 ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். ஆகவே, இந்த உரையை எழுதிய கையோடு வாசித்துவிடும் துணிவு எனக்கு வரவில்லை. நேற்றிரவு மூன்று முறை பிழை பார்த்தேன். முதல் வரைவில் 'அம்மாவின் பணியை நினைவு கூறுகிறேன்' என்றிருந்தது. கூறுதல் சொல்லுதலாயிற்றே என்று உறைத்ததும் றகரத்தை அடித்து 'நினைவுகூர்கிறேன்' என்று திருத்தினேன். 'முயற்சிக்கிறேன்' என்பது 'முயல்கிறேன்' ஆயிற்று. ஒற்று விடுபட்ட இடங்கள் மட்டும் ஐந்து. கணக்கு வாத்தியார்தானே என்று அம்மா ஒருபோதும் சலுகை காட்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தபோது, ஓவியர் ஒருவர் நீல நிறத்தில் 'இச்சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதிக்கொண்டிருந்தார். பேருந்திலிருந்து இறங்கி வந்த அம்மா, குடையைக்கூட மடக்காமல் நின்று அதைப் படித்தார். "தம்பி, சுவரோடு இல் சேர்ந்தால் சுவரில் என்றுதான் வரும். சுவறுதல் என்றால் வற்றிப்போதல், நம் சுவர் இன்னும் வற்றவில்லையே" என்றார். "ஊரெல்லாம் இப்படித்தான் எழுதியிருக்கிறேன், அம்மா" என்று அவர் தயங்கினார். அம்மா அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, எழுத்து மாறும்வரை அங்கேயே நின்றார். அழித்து எழுதிய இடம் இன்றும் சற்றுத் திட்டாகத் தெரியும். வெளியே போகும்போது பாருங்கள்.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே எழுதப் பழகியவர் என்பதால், வேகமாக எழுதும்போது கரும்பலகையில் 'லை', 'னை' ஆகியவை துதிக்கை வளைந்த பழைய வடிவில் வந்துவிடும். உடனே அழித்துவிடுவார். யானை போய்விட்டதே என்று கடைசி பெஞ்சில் நாங்கள் வருந்துவோம்.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைகளை, மாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்று, வரும் பேருந்துகளின் ஊர்ப் பலகைகளை உரக்கப் படிக்கச் சொன்னதும் இந்த அம்மாதான். தாம் ஏற வேண்டிய பேருந்தை அப்படி எத்தனை நாள் தவறவிட்டார் என்பதை அவர் எங்களிடம் சொன்னதில்லை, நடத்துநர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பொன்னாடை வேண்டாம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அதற்கான தொகையில் பள்ளி நூலகத்துக்கு நான்கு அகராதிகள் வாங்கியிருக்கிறோம். அவற்றின் முதல் பக்கத்தில் கையொப்பமிட்டு, ஏற்புரை வழங்குமாறு அம்மாவைப் பணிவன்புடன் அழைக்கிறேன். நான் வாசித்த இந்தத் தாளும் அகராதிகளுக்கு அடியில்தான் இருக்கிறது, அம்மா. சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறேன்.