டிஜே ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு: எடுக்கற வரைக்கும், எடுத்த பிறகும்

லேசர்ல கிட்னி கல்லை உடைச்சு எடுத்துட்டு, உள்ள ஒரு டிஜே ஸ்டென்ட் வெச்சு உங்கள வீட்டுக்கு அனுப்பறோம். இந்த தாளை மாத்திரை கவரோட சேர்த்து வெச்சுக்கங்க, வீட்ல உங்கள பாத்துக்கறவங்களும் ஒரு தடவ படிச்சிரட்டும். ஏன்னா ராத்திரி 2 மணிக்கு யூரின் செவப்பா போச்சுனு பயந்து ஆட்டோ புடிச்சு வர்றவங்க நிறைய பேரு, அதே சமயம் குளிர் காய்ச்சல் வந்தும் காலைல பாத்துக்கலாம்னு படுத்துக்கறவங்களும் இருக்காங்க. எதுக்கு பயப்பட வேண்டாம், எதுக்கு உடனே ஓடி வரணும்ங்கறது இதுல இருக்கு.

ஸ்டென்ட்னா என்ன

ஹார்ட்டுக்கு வெக்கற ஸ்டென்ட் வேற, இது வேற. இது மெத்துனு இருக்கற ஒரு பிளாஸ்டிக் குழாய், பெரியவங்களுக்கு சுமார் 24ல இருந்து 26 சென்டிமீட்டர் நீளம், கனம் 2 மில்லிமீட்டர்தான். ஒரு முனை கிட்னிக்குள்ளயும் இன்னொரு முனை நீர்ப்பைக்குள்ளயும் சுருண்டு நிக்கும், அதனால எடம் மாறி நழுவாது. கல்லை உடைச்ச பிறகு கிட்னில இருந்து நீர்ப்பைக்கு வர்ற குழாய் உள்பக்கம் வீங்கி இருக்கும், அந்த வீக்கத்தாலயோ மிச்சம் இருக்கற கல் தூளாலயோ அடைச்சுக்கிட்டா யூரின் கிட்னிலயே தேங்கி வலி, காய்ச்சல்னு போயிரும். வீக்கம் வத்தற வரைக்கும் வழி தொறந்து இருக்கணும், அதுக்குத்தான் இது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. சில பேருக்கு மட்டும் யூரின் போற எடத்துல மெல்லிசா ஒரு நூல் வெளிய தெரியும், அப்படி இருந்தா அதை இழுக்கக் கூடாது, குளிக்கும்போது துண்டுல மாட்டாம பாத்துக்கங்க.

வீட்டுக்குப் போனா என்னென்ன இருக்கும்

ஸ்டென்ட் வெச்ச பத்து பேருல எட்டு பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு இருக்கத்தான் செய்யும், அத மறைச்சு ஒண்ணுமே இருக்காதுனு சொல்லி அனுப்பறதுல எங்களுக்கு உடன்பாடு இல்ல. நீர்ப்பைக்குள்ள இருக்கற சுருள் உள் சுவத்துல உரசிக்கிட்டே இருக்கறதால இப்பத்தான போயிட்டு வந்தோம், மறுபடியும் வருதேனு இருக்கும், சில சமயம் பாத்ரூம் போறதுக்குள்ள ரெண்டு சொட்டு வந்துரும், நீர்க்கடுப்பும் எரிச்சலும் இருக்கும், ஆம்பளைங்களுக்கு கடைசி சொட்டு போகும்போது உறுப்பு நுனில சுருக்குனு வலிக்கும். ராத்திரில மூணு நாலு தடவ எந்திரிக்க வேண்டி வரலாம்.

இன்னொரு வலி இருக்கு, இதுக்குத்தான் நிறைய பேர் பயந்துக்கறாங்க. யூரின் போகும்போது ஆபரேஷன் பண்ண பக்கத்து விலாலயும் முதுகுலயும் புடிச்சு இழுக்கும். மறுபடியும் கல்லு வந்துருச்சோனு நெனைப்பீங்க, அது இல்ல. நீர்ப்பை சுருங்கும்போது கொஞ்சம் யூரின் ஸ்டென்ட் வழியா மேல கிட்னிக்கு ஏறும், அந்த அழுத்தம்தான் அது. போயி முடிச்சதும் கொஞ்ச நேரத்துல அடங்கிரும். முக்கிப் போகாதீங்க, நிதானமா விடுங்க, அவசரமா அடக்கி வெச்சு ஒரேடியா போறதும் வேண்டாம்.

யூரின்ல ரத்தம் பத்தி. ரோஸ் கலர்லயோ இளஞ்செவப்பாவோ வர்றது சாதாரணம், ஸ்டென்ட் உள்ள இருக்கற வரைக்கும் விட்டு விட்டு வரும். ரெண்டு நாள் வெள்ளையா போயிட்டு மூணாவது நாள் நல்லா நடந்ததும் செவக்கும், தண்ணி குடிச்சு ஓய்வா இருந்தா மறுபடி தெளிஞ்சிரும். கோபி, பவானி ரோட்ல டூவீலர்ல குலுங்கிக்கிட்டு போனா கண்டிப்பா செவக்கும், அதனால ஸ்டென்ட் எடுக்கற வரைக்கும் பைக்க குறைச்சுக்கங்க, பஸ்ல போனா பின் சீட்டு வேண்டாம்.

பக்கத்து லேப்ல நீங்களா யூரின் டெஸ்ட் எடுத்து, பஸ் செல்ஸ்ங்கற சீழ் அணு நிறைய இருக்கு, ரத்த அணு நிறைய இருக்குனு ரிப்போர்ட்ட பாத்து கவலைப்படாதீங்க. உள்ள குழாய் இருந்தா அப்படித்தான் காட்டும். காய்ச்சல் இல்லாதப்ப அந்த ரிப்போர்ட்ட காட்டி மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கி போடறது நல்லது இல்ல.

மாத்திரைங்க

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருக்கற டாம்சுலோசின், கிட்னில இருந்து நீர்ப்பைக்கு வர்ற குழாயத் தளர்த்தி வலிய குறைக்கும். அது பிபிய கொஞ்சம் எறக்கும், அதனால படுத்துட்டு சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும், வயசானவங்க ராத்திரி பாத்ரூம் போகும்போது ஒரு நிமிஷம் கட்டில்ல உக்காந்துட்டு எந்திரிங்க. கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணப் போறவங்க இந்த மாத்திரை போடறத கண் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். ஆம்பளைங்களுக்கு உறவு சமயத்துல விந்து வெளிய வராம போகலாம், பயம் வேண்டாம், மாத்திரைய நிறுத்தினா சரியாயிரும். அடிக்கடி யூரின் வர்றதுக்கு சொலிஃபெனாசின் எழுதியிருந்தா வாய் வறளும், மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்தா நீர்க்கடுப்பும் கூடும், அதனால கீரை, பழம் சேர்த்துக்கங்க.

வலிக்கு நாங்க எழுதின பாராசிட்டமால் போதும். ஊசி போட்டாத்தான் கேக்கும்னு டைக்ளோஃபெனாக் ஊசிய அங்கங்க போய் போட்டுக்காதீங்க, கிரியாட்டினின் ஏறியிருக்கறவங்களுக்கு அது கிட்னிய இன்னும் கெடுக்கும். ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடறவங்க யூரின் செவப்பா போகுதேனு நீங்களா நிறுத்திராதீங்க, எங்களக் கேட்டுட்டு செய்யுங்க.

சாப்பாடு, வேலை, மத்தது

ஒரு நாளைக்கு ரெண்டரைல இருந்து மூணு லிட்டர் தண்ணி, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பிரிச்சு குடிங்க, படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கலாம். ஹார்ட் வீக்கா இருக்கறவங்க, கால் வீக்கம் இருக்கறவங்களுக்கு இந்த அளவு பொருந்தாது, உங்களுக்கு எவ்வளவுனு வார்டு சிஸ்டர் சொல்லியிருப்பாங்க, அதுதான் கணக்கு. காபி, டீய ஒண்ணு ரெண்டோட நிறுத்தினா எரிச்சல் குறையும். வாழைத்தண்டு ஜூஸ் எல்லாரும் கேக்கறாங்க, கிட்னி நல்லா வேலை செய்யறவங்க குடிக்கலாம், ஆனா அத குடிச்சா ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை வேண்டாம்னு ஆகிராது. பீர் குடிச்சா கல்லு வெளிய வந்துரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

நடக்கலாம், மாடி ஏறலாம், ஆபீஸ் வேலைக்கு ரெண்டு மூணு நாள்ல போகலாம். தறி ஓட்டறவங்க, மூட்டை தூக்கறவங்க, காட்டு வேலைக்குப் போறவங்க ஸ்டென்ட் எடுக்கற வரைக்கும் கனமா தூக்க வேண்டாம், முதலாளிகிட்ட காட்ட லீவு சர்டிபிகேட் வேணும்னா கேளுங்க, தர்றோம். புருஷன் பொண்டாட்டி உறவுக்கு தடை இல்ல, கொஞ்சம் வலி இருக்கலாம். நூல் வெளிய விட்டிருக்கறவங்க மட்டும் எடுக்கற வரைக்கும் வேண்டாம். கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா உடனே சொல்லிருங்க, எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு தெரியணும்.

எப்ப உடனே வரணும்

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல போனா, முக்கியமா ஒடம்பு தூக்கிப் போடற மாதிரி குளிர் நடுக்கம் வந்தா, ராத்திரி எத்தன மணி ஆனாலும் வாங்க. சர்க்கரை வியாதி இருக்கறவங்க காலை வரைக்கும் கூட காத்திருக்கக் கூடாது, யூரின் கிருமி ரத்தத்துல கலந்தா சில மணி நேரத்துல பிபி விழுந்துரும். எங்ககிட்ட வர தூரம்னா 108க்கு போன் பண்ணி பக்கத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, உள்ள ஸ்டென்ட் இருக்குனு மொதல்ல சொல்லுங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய காட்டுங்க.

அதே மாதிரி யூரின் சுத்தமா அடைச்சுக்கிட்டாலோ, ரத்தம் கட்டி கட்டியா வந்தாலோ, தண்ணி குடிச்சும் தெளியாம தக்காளிச் சாறு மாதிரி கெட்டியா போனாலோ, மாத்திரைக்கு அடங்காத வலியோட வாந்தி வந்தாலோ வரணும். யூரின் கட்டுப்பாடே இல்லாம சொட்டிக்கிட்டே இருந்தா ஸ்டென்ட் கீழ எறங்கியிருக்கலாம், அதுக்கும் வாங்க. நூலோட ஸ்டென்டும் வெளிய வந்துருச்சுனா உள்ள தள்ளப் பாக்காதீங்க, ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு அன்னிக்கே வாங்க.

எடுக்கற தேதி

இந்த தாள்ல மத்த எதை மறந்தாலும் இத மறக்காதீங்க. ஸ்டென்ட் தானா கரையாது, தானா வெளிய வராது. உங்களுக்கு வெச்சிருக்கறத ரெண்டாவது வாரத்துல எடுக்கணும், தேதி டிஸ்சார்ஜ் சம்மரி மொதல் பக்கத்துல செவப்பு மைல எழுதியிருக்கு. வலி பழகிப்போச்சு, தொந்தரவு இல்லனு விட்டுட்டு, வேலைக்கு வெளியூரு போயிட்டு வருஷக்கணக்குல கழிச்சு வர்றவங்க உண்டு. அதுக்குள்ள ஸ்டென்ட் மேலயே கல்லு படிஞ்சு கிட்னிலயும் நீர்ப்பைலயும் ஒட்டிக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல முடியற வேலைக்கு ரெண்டு மூணு ஆபரேஷன் ஆகும், சில பேருக்கு கிட்னியே போயிரும். அதனால இன்னிக்கே போன்ல அலாரம் வெச்சுருங்க, வீட்ல இன்னொருத்தர் போன்லயும் வெக்கச் சொல்லுங்க. கல்யாணம், காது குத்து, பரீட்சைனு அந்த தேதில வர முடியலனா முன்னாடியே சொல்லி வேற நாள் வாங்கிக்கங்க. காப்பீட்டு அட்டைல ஆபரேஷன் பண்ணவங்க, எடுக்கற செலவும் அதுலயே சேர்ந்திருக்கானு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கவுண்டர்ல கேட்டுக்கங்க.

எடுக்கற நாள் என்ன நடக்கும்

செவ்வாய், வியாழன் காலைல 8 மணிக்கு ஓபிக்கு வாங்க. லேசா சாப்பிட்டுட்டு வரலாம், பட்டினி வேண்டாம், கொழந்தைங்களுக்கு மட்டும் மயக்கம் குடுத்து எடுக்கறதால வெறும் வயித்துல கூட்டிட்டு வரணும். ரெண்டு நாள் முன்னாடியே யூரின் டெஸ்ட் குடுத்துருங்க, காய்ச்சல் இருந்தா அன்னிக்கு எடுக்க மாட்டோம், மொதல்ல அத சரி பண்ணுவோம்.

படுக்க வெச்சு, யூரின் போற வழில மரத்துப் போற ஜெல்லி போட்டு சில நிமிஷம் விடுவோம். அப்புறம் மெல்லிசான கேமரா குழாய நீர்ப்பைக்குள்ள விட்டு, ஸ்டென்ட் முனைய சின்ன இடுக்கியால புடிச்சு வெளிய எடுப்போம், கேமரா உள்ள போனதுல இருந்து ரெண்டு மூணு நிமிஷம்தான். யூரின் அவசரமா வர்ற மாதிரியும் உள்ள இருந்து ஏதோ உருவற மாதிரியும் இருக்கும். அந்த நேரம் மூச்ச இழுத்து மெதுவா விட்டு, பாதத்த அசைச்சுக்கிட்டே இருந்தா ஒடம்பு இறுகாம இருக்கும். கூச்சமா இருந்தா சொல்லுங்க, பொம்பளைங்களுக்கு பெண் நர்ஸ் கூடவே நிப்பாங்க. நூல் இருக்கறவங்களுக்கு கேமராவே வேண்டாம், அந்த நூலப் புடிச்சே எடுத்துருவோம்.

எடுத்த பிறகு

மொத ரெண்டு மூணு தடவ யூரின் எரியும், ரோஸ் கலரா இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். அன்னிக்கு சாயங்காலமோ ராத்திரியோ சில பேருக்கு பழைய கல் வலி மாதிரியே விலால புடிக்கும். குழாய் சுருங்கறதாலயும் கொஞ்சம் வீங்கறதாலயும் வர்றது அது, குடுத்த வலி மாத்திரைய போட்டு, வெந்நீர் ஒத்தடம் குடுத்தா பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள அடங்கும். அடங்காம கூடிக்கிட்டே போனாலோ, வாந்தி, காய்ச்சல், குளிர் வந்தாலோ அடைப்பு இருக்கலாம், உடனே வாங்க. அடிக்கடி யூரின் வர்றது ரெண்டு மூணு நாள்ல கொறஞ்சு பழைய படி ஆயிரும், டாம்சுலோசின நாங்க சொன்ன நாள் வரைக்கும் போட்டு நிறுத்திக்கலாம்.

நாலுல இருந்து ஆறு வாரத்துல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. வலி இல்லாமயே கிட்னி வீங்கியிருக்கலாம், அது ஸ்கேன்லதான் தெரியும். நடுவுல யூரின்ல கல் துண்டு வந்தா சின்ன டப்பால போட்டு எடுத்துட்டு வாங்க, என்ன வகைக் கல்லுனு டெஸ்ட் பண்ணா உங்களுக்கு என்ன சாப்பாட்டுல கவனமா இருக்கணும்னு சொல்லிருவோம். அது வரைக்கும் உப்பு, ஊறுகாய், அப்பளத்த குறைங்க. பால், தயிர நிறுத்தாதீங்க, கல்லுனா கால்சியம்னு பாலை விட்டுட்டா சில வகைக் கல்லு இன்னும் கூடத்தான் செய்யும்.