118 கிலோவில் தொடங்கும் அண்ணாவுக்கு, முதல் எட்டு வாரம்

அண்ணா, "எல்லாரும் பார்பெல் தூக்கும்போது என்னை மட்டும் ஏன் மெஷினில் உட்கார வைக்கிறாய்" என்று நேற்று கேட்டீர்கள். கூட்டத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதான் எழுதித் தருகிறேன்.

உங்கள் எடை 118 கிலோ. வெறுங்கையோடு ஸ்குவாட் செய்தாலே கால்கள் கிட்டத்தட்ட நூறு கிலோவைத் தூக்குகின்றன. அதைக் குறைக்க வழியில்லை. லெக் பிரஸில் பின்னை 40இல் செருகினால் 40தான். முட்டி வலிக்காமல் காலைப் பழக்க அங்கேதான் இடம் இருக்கிறது. அப்புறம், பார்பெல்லில் எடையைத் தள்ளுவதோடு உடம்பு சாயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினில் பாதை முன்பே போட்டிருக்கிறது. தசை களைக்கும் வரை பயமில்லாமல் தள்ளலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம், மேலே எதுவும் விழாது.

திங்கள், புதன், வெள்ளி வாருங்கள். முதலில் சாய்ந்து உட்காரும் சைக்கிளில் 5 நிமிடம்.

லெக் பிரஸ், 40 கிலோ, 12 தடவை. சீட் 6ஆம் துளை. வயிறு தொடையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் மடக்கினால் இடுப்பு சீட்டை விட்டு எழும்பும், முதுகு பிடித்துக்கொள்ளும். முட்டியை முழுசாக நீட்டிப் பூட்டவும் வேண்டாம்.

செஸ்ட் பிரஸ், 20 கிலோ, 12. கைப்பிடி நெஞ்சின் நடுவுக்கு நேராக இருக்கும்படி சீட்டை வையுங்கள். பெஞ்சில் மல்லாந்தால் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்றீர்கள், இதில் உட்கார்ந்தே தள்ளலாம்.

சீட்டட் ரோ 25, லெக் கர்ல் 20, லாட் புல்டவுன் 30. மூன்றுக்கும் 12 தடவை. புல்டவுனில் பாரை நெஞ்சுக்கு இழுங்கள், கழுத்துக்குப் பின்னால் வேண்டாம்.

ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு நிமிடம். ஐந்தும் முடிந்தால் ஒரு ரவுண்டு. முதல் இரண்டு வாரம் 2 ரவுண்டு, அதன்பின் 3. சாயங்காலம் 7 மணிக்கு மெஷின் காலியாக இருக்காது. காத்திருக்காமல் காலியாக இருப்பதைச் செய்யுங்கள், வரிசை மாறினால் பரவாயில்லை.

தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். பிடித்து வைத்தால் பிரஷர் ஏறும். நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறவர், இதை நான் அருகில் நின்று பார்ப்பேன். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

கடைசி ரவுண்டிலும் இன்னும் மூன்று முடியும் என்று தோன்றினால், அடுத்த முறை பின்னை ஒரு துளை கீழே இறக்கி எடையைக் கூட்டுங்கள். வேறு ஜிம்மில் இதே எண்கள் வேறு கனமாக இருக்கும், ஒப்பிடாதீர்கள்.

உடம்பைச் சாயாமல் நிறுத்தும் பழக்கத்தை மெஷின் தராது. அதற்காக ஐந்தாம் வாரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுவதைச் சேர்ப்போம், கையூன்றாமல் பத்து முறை வந்ததும் 6 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துச் செய்யலாம். புதன்கிழமை வரும்போது சீட் எண்களை எழுத ஒரு சின்ன நோட்டு கொண்டுவாருங்கள்.