சந்திக்க 15 நிமிடம் வேண்டி: தேவனாம்பட்டினம் நீர் மாதிரிகள்

வணக்கம் சார்,

தேவனாம்பட்டினம் கிணற்று நீர் மாதிரிகள் 12-இல் நான்கில் அயனிச் சமநிலைப் பிழை 10 சதவீதத்தைத் தாண்டுகிறது; நான்கிலும் நேர் அயனிகளே மிகுதி. கால்சியத்துக்கான பாட்டிலில் மட்டும்தான் அமிலம் சேர்த்தோம். மற்ற பாட்டிலில் கால்சியம் கார்பனேட் படிந்து பைகார்பனேட் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடியில் வெள்ளைப் படிவும் தெரிகிறது. அந்த நான்கையும் விட்டுவிடுவதா, மறுபடி எடுத்துக் கிணற்றடியிலேயே டைட்ரேஷன் செய்வதா என்று உங்களிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

செவ்வாய் காலை 11.30 அல்லது வியாழன் மாலை 3 மணிக்கு வரலாமா சார்? செவ்வாய் என்றால் புதனன்றே கடலூர் போய்விடலாம். கணக்கீட்டு எக்செல் இணைத்துள்ளேன். சிவப்பு வரிசைகளை மட்டும் பார்த்தால் போதும்.

நன்றி சார்,
கயல்விழி
எம்.எஸ்சி. நிலவியல், இரண்டாம் ஆண்டு, புதுச்சேரி