வழக்கு முடியும்வரை லொறியை உரிமையாளரிடம் விடுவிக்கக் கோரும் விண்ணப்பம்

கொழும்பு நீதவான் நீதிமன்றம், புதுக்கடை
வழக்கு இல. 41873/25

முறைப்பாட்டாளர்: பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி
மனுதாரர்: செபஸ்தியான் மேரி ரஞ்சினி, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

2025 ஓகஸ்ட் 14

கௌரவ நீதவான் அவர்களுக்கு,

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமையின்படி இவ்விண்ணப்பத்தைத் தமிழில் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். இதில் உள்ளவற்றை உறுதிப்படுத்தும் என் சத்தியக்கடதாசி இத்துடன் உள்ளது.

1. இவ்வழக்கில் கைப்பற்றப்பட்டுள்ள எல்.எச். 3817 இலக்க லொறியின் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் நானே. எல்லோரும் 'பட்டா' என்று சொல்லும் சிறிய லொறி அது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழ் 'ம1' எனவும், லீசிங் பணம் முழுவதும் 2023இல் கட்டி முடிந்ததற்கான கடிதம் 'ம2' எனவும் இணைக்கப்பட்டுள்ளன. லொறியின் மீது வேறு எவருக்கும் உரித்து இல்லை.

2. கணவர் இறந்த பின் லொறியை நாள் வாடகைக்கு விட்டேன். 2ஆம் எதிரி பேலியகொடை மெனிங் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றி, கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிக் கடைகளுக்கு இறக்குவார். எனக்கு நாளுக்கு 3,500 ரூபா தருவார். எண்ணெய்ச் செலவு அவருடையது.

3. 2025 மார்ச் 7ஆம் திகதி இரவு, களவு போன செப்புக் கம்பிச் சுருள்களை ஏற்றிச் சென்றதாக லொறி மறிக்கப்பட்டு, 1ஆம், 2ஆம் எதிரிகள் கைது செய்யப்பட்டனர். தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின் கீழ் அவர்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டுள்ளது. இருவரும் தாம் சுற்றவாளிகள் எனக் கூறியுள்ளனர். விசாரணை நவம்பர் 20ஆம் திகதிக்குத் தவணையிடப்பட்டுள்ளது.

4. அன்று மாலை ஆறு மணியோடு மரக்கறி ஓட்டம் முடிந்துவிட்டது. அதன் பின் லொறி எங்கே போனது, எதை ஏற்றியது என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பொலிஸாரின் தொலைபேசி அழைப்பு வந்தபோதுதான் அறிந்தேன். மார்ச் 9ஆம் திகதி நானே நேரில் சென்று வாக்குமூலம் கொடுத்தேன். என்மேல் எக்குற்றமும் சுமத்தப்படவில்லை. வழக்குத்தொடுநர் தரப்புச் சாட்சிப் பட்டியலில் நானும் ஒரு சாட்சி. எதிரிகள் குற்றவாளிகளா இல்லையா என்பதை இந்நீதிமன்றம் தீர்மானிக்கும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை.

5. களவுப் பொருளெனச் சொல்லப்படும் கம்பிச் சுருள்கள் தனியே பாதுகாப்பில் உள்ளன. லொறி படம் பிடிக்கப்பட்டு, எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் பரிசோதிக்கப்பட்டுவிட்டன. எனவே லொறியைத் தொடர்ந்து தடுத்து வைப்பதால் வழக்கிற்கு மேலதிகமாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

6. ஆனால் லொறிக்கு ஆகும் கேடு பெரிது. ஐந்து மாதத்துக்கு மேலாகத் திறந்த வெளியில் நிற்கிறது. நீதிமன்ற அனுமதியுடன் ஜூலை 22ஆம் திகதி போய்ப் பார்த்தேன். மே மாதத்திலிருந்து பெய்யும் மழையில் பின்தட்டின் அடித்தகடு துருவேறிக் கையோடு உதிர்கிறது. முன் டயர் இரண்டும் காற்றிறங்கி றிம்மில் உட்கார்ந்துவிட்டன. பெற்றறி செத்துவிட்டது. ஆசனத்துக்கடியில் தண்ணீர் தேங்கி நின்றது. யாரையும் குறை சொல்லவில்லை, ஓடாத வாகனத்துக்கு அதுதான் கதி. வருமான அனுமதிப்பத்திரமும் ஜூன் 30உடன் காலாவதியாகிவிட்டது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாததால் அதைப் புதுப்பிக்கவும் வழியில்லை. வழக்கு முடிந்து என்னிடம் திரும்பி வரும்போது அது லொறியாக இராது, பழைய இரும்பாகத்தான் இருக்கும். குற்றமே சாட்டப்படாத எனக்கு அது தண்டனையாகிவிடும்.

7. எனக்கு வேறு வருமானம் இல்லை. மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். ஏப்ரல் தொடக்கம் வீட்டு வாடகை கடனில் ஓடுகிறது. கிராம உத்தியோகத்தரின் கடிதம் 'ம3'.

8. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431(1)ஆம் பிரிவு, பொலிஸார் கைப்பற்றிய பொருளை அதன் உடைமைக்கு உரித்துடையவரிடம் ஒப்படைப்பது பற்றித் தக்கதெனக் காணும் கட்டளையை ஆக்க நீதவானுக்கு அதிகாரமளிக்கிறது. கைப்பற்றப்பட்ட வேளையில் லொறி 2ஆம் எதிரியின் கையில் இருந்தது உண்மை. அவர் வாடகைக்கு ஓட்டியவர் மட்டுமே. லொறி என்னிடம் வருவதில் தமக்கு ஆட்சேபனை இல்லையென அவர் தம் சட்டத்தரணி மூலம் எழுத்தில் தெரிவித்துள்ளார் ('ம4').

9. லொறி விடுவிக்கப்பட்டால், வழக்கு முடியும்வரை அதை விற்கவோ, அடகு வைக்கவோ, பெயர் மாற்றவோ மாட்டேன். நிறத்தையோ எஞ்சினையோ பாகங்களையோ மாற்ற மாட்டேன். தேய்ந்த டயரும் பெற்றறியும் மாற்றுவதற்கு மட்டும் அனுமதி வேண்டுகிறேன். எதிரிகள் இருவர் கையிலும் சாவி போகாது, என் தம்பியே ஓட்டுவார். கூப்பிட்ட திகதியில் என் செலவில் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்துவேன். மதிப்பீட்டாளரின் அறிக்கைப்படி ('ம5') லொறியின் பெறுமதி 19 இலட்சம் ரூபா. அத்தொகைக்குப் பிணைமுறியில் கையொப்பமிடவும், இரண்டு சரீரப் பிணையாளர்களை முன்னிறுத்தவும் ஆயத்தமாக உள்ளேன்.

ஆகவே, முறைப்பாட்டாளருக்கு அறிவித்தல் அனுப்பி அவர் தரப்பைக் கேட்டபின், மேற்படி லொறியை வழக்கு முடியும்வரை மேற்சொன்ன நிபந்தனைகளுடனோ நீதிமன்றம் விதிக்கும் வேறு நிபந்தனைகளுடனோ என்னிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிட வேண்டுகிறேன். தேவையெனில், விடுவிக்கும் முன் என் செலவில் மீண்டும் ஒருமுறை படமெடுத்து வழக்கேட்டில் சேர்க்கவும் வேண்டுகிறேன். மழைக்காலம் இன்னும் முடியாததால் இவ்விண்ணப்பத்தைக் கிட்டிய திகதியில் அழைக்குமாறு மன்றாடுகிறேன்.

செ. மேரி ரஞ்சினி
மனுதாரர்