புதிய கல்வியாண்டில் பிரிவு ஒதுக்கீடு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஆண்டு இறுதித் தேர்வு முடிந்த கையோடு பள்ளி அலுவலகத்துத் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கிவிடும். கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: “என் பிள்ளைக்கு எந்தப் பிரிவு?” அதற்கு அடுத்தபடியாக, சற்றுத் தயக்கத்தோடு, “ஏ பிரிவு கிடைக்குமா?” பிரிவுகள் எப்படி அமைகின்றன என்று தெரிந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கே வேலை இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வரும் கல்வியாண்டு முதல் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் பிரிவுகளைக் கலைத்துப் புதிதாக அமைக்கிறோம். பத்தாம் வகுப்பில் மட்டும் ஒன்பதாம் வகுப்புப் பிரிவே தொடரும். பொதுத் தேர்வு ஆண்டில் ஆசிரியரும் மாணவரும் மறுபடி முதலிலிருந்து பழகிக்கொண்டிருக்க நேரமில்லை.

எந்தப் பிரிவும் ‘நன்றாகப் படிப்பவர்களின் பிரிவு’ அல்ல. மதிப்பெண் வரிசைப்படி மாணவர்களைத் தரம் பிரித்து உட்காரவைக்கும் வழக்கத்தை இந்தப் பள்ளியில் அனுமதிக்க மாட்டேன். கடைசிப் பிரிவு என்று பெயரெடுத்த வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், ‘இவர்களுக்கு இவ்வளவு போதும்’ என்ற எண்ணத்தோடுதான் சாக்குக்கட்டியைக் கையில் எடுப்பார். பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு எவ்வளவு பாடம் நடத்தியும் பயன் குறைவு.

நடைமுறை இதுதான். நான்காம் வகுப்பில் இப்போது 128 மாணவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 32 பேர். ஆண்டு முழுவதும் நடந்த எல்லாத் தேர்வுகளின் சராசரியை வைத்து ஒரு வரிசை தயாராகும். அதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மறுபடி மறுபடி ஒரே திசையில் பகிர்ந்தால் முதல் பிரிவு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி முன்னால் நிற்கும். எனவே திசையை மாற்றி மாற்றிப் பகிர்கிறோம். முதல் நான்கு பேர் முறையே முதல் பிரிவிலிருந்து நான்காம் பிரிவு வரை போவார்கள். ஐந்தாமவர் நான்காம் பிரிவுக்கும், ஆறாமவர் மூன்றாம் பிரிவுக்கும், ஏழாமவர் இரண்டாம் பிரிவுக்கும், எட்டாமவர் முதல் பிரிவுக்கும் போவார்கள். இப்போது முதல் பிரிவில் 1, 8. இரண்டாம் பிரிவில் 2, 7. மூன்றாம் பிரிவில் 3, 6. நான்காம் பிரிவில் 4, 5. எந்தப் பிரிவின் இடங்களைக் கூட்டினாலும் 9தான் வரும். 128 பேருக்கும் இப்படியே.

இது வெறும் தொடக்கம். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை உண்டு. ஆசிரியர்கள் அந்த அட்டைகளை நீண்ட மேசையில் நான்கு வரிசையாகப் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்கிறதா? வாசிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் ஏழெட்டுப் பேரும் ஒரே பிரிவில் சேர்ந்துவிட்டார்களா? சேர்ந்தால் பாடத்தை விட்டுவிட்டுப் பேச்சில் இறங்கிவிடும் அந்த மூவரைப் பிரித்தாயிற்றா? அட்டைகளை நகர்த்தும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: ஏறக்குறைய அதே இடத்தில் உள்ள மற்றொருவரோடுதான் மாற்றலாம். இல்லாவிட்டால் முன்பு செய்த சமன் கலைந்துவிடும்.

நட்பைப் பற்றித்தான் பிள்ளைகளுக்கு அதிகக் கவலை; நியாயமான கவலை. அடுத்த வாரம் ஒவ்வொரு மாணவரும் ‘அடுத்த ஆண்டு யாருடன் இருக்க விரும்புகிறேன்’ என்று மூன்று பெயர்களை எழுதி வகுப்பாசிரியரிடம் நேரடியாகக் கொடுப்பார். வகுப்பாசிரியரையும் என்னையும் தவிர வேறு யாரும் அந்தச் சீட்டைப் பார்க்க மாட்டார்கள். மூன்று பேரில் ஒருவராவது உடன் வருவது உறுதி. மூவரும் வர வேண்டும் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாரை எழுதுவது என்றும் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். பெற்றோரின் நட்புகளைத் தாங்கி வரும் சீட்டுகளை எங்களால் எளிதில் அடையாளம் காண முடிகிறது.

இந்தச் சீட்டுகளில் நாங்கள் முதலில் தேடுவது அதிகம் பேர் எழுதிய பெயரை அல்ல, யாருமே எழுதாத பெயரை. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் அட்டையைத்தான் முதலில் வைப்போம்: அது எழுதிய மூவரில் பொறுமையும் கனிவும் உள்ளவர் யாரோ, அவரோடு. மற்றவர்கள் அதன் பிறகு.

இரட்டைப் பிள்ளைகளைச் சேர்ப்பதா, பிரிப்பதா என்பதில் பள்ளிக்குத் தனி விதி எதுவும் இல்லை. சில இரட்டையர்கள் பிரிந்தால்தான் தனித்தனியாகப் பேசத் தொடங்குகிறார்கள். சிலர் சேர்ந்தால்தான் சாப்பிடவே செய்கிறார்கள். உங்கள் விருப்பத்தை எழுதிக் கொடுங்கள், அப்படியே செய்வோம்.

முதல் வகுப்புக்கு வருபவர்களுக்கு மதிப்பெண் இல்லை என்பதால் பிறந்த மாதத்தைப் பார்க்கிறோம். அந்த வயதில் பதினோரு மாத வித்தியாசம் பெரிது. இளையவர்கள் எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்துவிடக் கூடாது. ஆண்டின் நடுவில் சேருபவர்கள் எண்ணிக்கை குறைவாக உள்ள பிரிவுக்குச் செல்வார்கள்.

எல்லாக் குழுக்களும் முடிவான பிறகுதான் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளைக் குலுக்கலில் எடுப்போம். வகுப்பாசிரியர் யார் என்பது அதற்கும் பிறகு முடிவாகும். ஆகவே ‘இந்த ஆசிரியையிடம் போட வேண்டும்’ என்ற வேண்டுகோளை யாராலும் நிறைவேற்ற முடியாது, பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்கள் உட்பட. நம் பள்ளியில் படிக்கும் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.

நாங்கள் ஏற்றுக்கொள்ளும் காரணங்களும் உண்டு. பார்வை, செவித்திறன், நடமாட்டம் தொடர்பான தேவை இருந்தால் மருத்துவரின் குறிப்போடு தெரிவியுங்கள். மாடிப்படி ஏற முடியாத பிள்ளைக்குத் தரைத்தளத்து அறையை ஒதுக்குவோம். உங்கள் பிள்ளையை யாராவது தொடர்ந்து துன்புறுத்தியிருந்தால் அந்த இருவரும் ஒரே பிரிவில் இருக்க மாட்டார்கள். இதை எழுதத் தயங்கினால் என்னை நேரில் வந்து பாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். குடும்பத்தில் அண்மையில் இழப்போ பிரிவோ நேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பழகிய நண்பர் ஒருவருக்குப் பதில் இருவரை உடன் வைக்க முயல்வோம்.

இத்தகைய விவரங்கள் இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் வகுப்பாசிரியருக்குக் கிடைக்க வேண்டும். பட்டியல் பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் வரும். அதற்கு முன் அலுவலகத்தில் கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. பட்டியல் வந்த பின் முதல் மூன்று வாரங்களுக்கு எந்த மாற்றமும் செய்வதில்லை. முதல் நாள் அழுத பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாம் வாரத்தில் புதிய வகுப்புத் தோழரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புவார்கள். நான்காம் வாரத்திலும் பிள்ளை பள்ளிக்கு வர மறுத்தாலோ, சரியாகச் சாப்பிடாவிட்டாலோ, தூக்கம் கெட்டாலோ வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். அவரும் நானும் உங்களோடு உட்கார்ந்து பேசி, தேவையென்றால் மாற்றுவோம்.

கடிதத்தைப் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்திட்ட சீட்டை வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை