வெள்ளி மாலை 3 மணி: இன்பாக்ஸ் சுத்தம் (இந்த வாரம் நவம்பர் 18 கடிதத்திலிருந்து)

வரவேற்பு, கணக்கு, அறைப் பராமரிப்பு, சமையலறைக் கொள்முதல் ஆகிய எல்லாப் பிரிவினருக்கும் வணக்கம்.

இன்று டிசம்பர் 12, வெள்ளி. வழக்கம்போல மாலை 3:00 முதல் 4:15 வரை நம் விருந்தினர் இல்லத்தின் பொது மின்னஞ்சல் பெட்டியைச் சுத்தம் செய்கிறோம். அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் ஒருவர் மட்டும் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் முன்கூட்டியே டீயை முடித்துவிட்டு உட்காருங்கள்.

நேரத்தை மாற்றலாமா என்று கேட்டவர்களுக்கு: குளிர்காலத்தில் பிரான்ஸ் நம்மைவிட 4 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கிறது. இங்கே 3 மணி என்றால் பாரிஸில் காலை 10:30. நாம் எழுதும் பதிலை அங்கிருந்து எழுதும் விருந்தினர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் படிப்பார்கள், இன்று மாலையே மறுபதிலும் வரும். ஆறு மணிக்கு மேல் அனுப்பினால் பெரும்பாலும் திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான். டிசம்பர் கடைசி வார அறைகளுக்கு அந்த மூன்று நாள் பெரிய இழப்பு.

முதல் 40 நிமிடம் பழைய கடிதங்களுக்கு மட்டும். விளம்பரங்களை முதலில் தள்ளினால் வேலை நடந்த மாதிரி தெரியும், ஆனால் காத்திருக்கும் மனிதர் காத்துக்கொண்டேதான் இருப்பார். ஜிமெயில் புதியதை மேலே வைப்பதால் பழையது தானாகக் கண்ணில் படாது. தேடல் பெட்டியில் இதை இடுங்கள்:

```
in:inbox older_than:7d
```

பிறகு வலது மேல் மூலையில் `1–50 of …` என்று தெரியும் எண்ணைச் சொடுக்கி `Oldest` தேர்ந்தெடுத்தால் மிகப் பழையவை இருக்கும் பக்கம் திறக்கும். இதோடு `-from:me` சேர்த்தால் பதில் போனவை மறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறையாது. அந்தத் தேடல் தனித்தனிக் கடிதத்தைப் பார்க்கிறது, உரையாடலை முழுதாகப் பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் திறந்து, கடைசியாகப் பேசியது நாமா அவர்களா என்று பாருங்கள்.

கடிதம் தேங்குவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. பதில் எழுத ஒரு தகவல் குறைகிறது, அது இன்னொருவர் கையில் இருக்கிறது. இந்த வாரம் நிற்கும் மூன்றும் அப்படித்தான்.

நவம்பர் 18: லியோனிலிருந்து ஒரு தம்பதி. கணவர் சக்கர நாற்காலியில் வருகிறார், கீழ்த்தளத்தில் அறை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அறை உண்டு. ஆனால் குளியலறைக் கதவின் அகலத்தை யாரும் அளக்கவில்லை. அறைப் பராமரிப்பில் இருப்பவர் 3 மணிக்குள் டேப் வைத்து அளந்து, சென்டிமீட்டரில் சொல்லுங்கள். முகப்பில் இரண்டு படி இருப்பதையும் பலகைச் சரிவு போட்டுத் தருவோம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். 'வசதியாக இருக்கும்' என்ற ஒற்றை வரி அவர்களுக்கு உதவாது.

டிசம்பர் 1: டித்வா புயல் வாரத்தில் பயணத்தை ரத்து செய்த சென்னைக் குடும்பம், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. முழுத் தொகையும் தருவதென்று முடிவாகிவிட்டது, அவர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கணக்குப் பிரிவு பணத்தை அனுப்பிவிட்டு, பரிவர்த்தனை எண்ணோடு பதில் எழுதட்டும்.

டிசம்பர் 3: கடலூர் மஞ்சக்குப்பம் படுக்கை விரிப்புக் கடை. அவர்கள் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்குகிறது, நம்முடையது 34. பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான் என்றாலும் வரிக் கணக்கில் அது வெளிமாநிலம், சரக்கு இங்கே வந்து இறங்கினால் ஐஜிஎஸ்டி வர வேண்டும். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 20-ஆம் தேதி. இன்றே எழுதுங்கள், பில் எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள்.

தாமதத்துக்கு ஒரு வரியில் மன்னிப்பு போதும். அடுத்த வரியிலேயே அவர்கள் கேட்டதற்கு விடை வர வேண்டும். விடை இன்னும் இல்லையென்றால் 'செவ்வாய் மதியத்துக்குள் சொல்கிறோம்' என்று நாளைக் குறித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தை `b` அழுத்தி செவ்வாய் காலைக்குத் தள்ளிவைத்தால் அன்று மேலே வந்து நிற்கும். விசைகள் வேலை செய்யாவிட்டால், அமைப்புகளில் `Keyboard shortcuts on` என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே கடிதத்துக்கு இருவர் பதில் எழுதி, இரண்டு விலை சொல்லிவிடும் ஆபத்தும் உண்டு. தொடங்கும் முன் உங்கள் பிரிவின் லேபிளை ஒட்டுங்கள்.

அடுத்த 20 நிமிடம் சந்தா நீக்கம். இடப்பக்கப் பட்டியலில் `Manage subscriptions` திறந்தால் யார் எத்தனை அனுப்புகிறார்கள் என்று தெரியும். அதிகம் அனுப்பும் பத்தை இன்று நீக்கினால் போதும். பெரிய அளவில் அஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் ஒரே சொடுக்கில் விலகும் வழி தர வேண்டும் என்று 2024-லிருந்து ஜிமெயில் விதி வைத்திருக்கிறது. விலகல் நடைமுறைக்கு வர ஓரிரு நாள் ஆகலாம், அதற்குள் ஒன்றிரண்டு வந்தால் பதற வேண்டாம்.

நாம் ஒருபோதும் சேராத, அனுப்புநர் யாரென்றே தெரியாத கடிதத்தில் உள்ள `unsubscribe` இணைப்பைத் தொடாதீர்கள். தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகும், இணைப்பு வேறெங்காவது கொண்டுபோய்ப் போலிப் பக்கத்தில் கடவுச்சொல் கேட்கவும் கூடும். அதற்கு `Report spam` தான். அறை முன்பதிவுத் தளங்களின் விளம்பரத்தை நிறுத்தும்போது, முன்பதிவு அறிவிப்பையும் சேர்த்து நிறுத்திவிடாமல் பெயரைப் படித்துச் சொடுக்குங்கள்.

மீதி நேரத்தில் ஆர்க்கைவ். முடிந்த உரையாடலில் `e` அழுத்தினால் போதும். கடிதம் அழியாது, `All Mail`-இல் இருக்கும், விருந்தினர் மறுபடி எழுதினால் தானே இன்பாக்ஸுக்குத் திரும்பும். தானியங்கி அறிவிப்புகளை மொத்தமாக எடுக்க:

```
in:inbox from:(noreply OR no-reply) older_than:30d
```

ஒரு பக்கம் முழுக்கக் கண்ணால் ஓட்டிய பிறகே அனைத்தையும் தேர்வு செய்யுங்கள். விருந்தினர் கேள்வி சில சமயம் இதே வடிவ முகவரியிலிருந்தும் வருகிறது. பில் வந்த கடிதங்களை அழிக்க வேண்டாம், ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

ஆர்க்கைவ் செய்தால் இடம் மிச்சமாகாது. 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. நிறைந்துவிட்டால் புதுக் கடிதம் உள்ளே வராது. இடம் வேண்டுமானால் `has:attachment larger:10M` என்று தேடி, பழைய திருமண அலங்காரப் படங்களை டிரைவுக்கு வெளியே சேமித்துவிட்டு நீக்குங்கள். நீக்கியது 30 நாள் குப்பையில் இருக்கும், அதுவரை இடத்தையும் பிடிக்கும்.

பாஸ்போர்ட் நகல் வந்த கடிதங்கள் தனி. தங்கல் பதிவு முடிந்து விருந்தினர் கிளம்பியதை வரவேற்பில் உறுதி செய்துகொண்டு, வைத்திருக்கத் தேவையில்லாத நகலைக் குப்பையிலிருந்தும் நீக்குங்கள். அடுத்தவர் அடையாளம் நம் பெட்டியில் கிடக்கக் கூடாது.

4:15-க்கு ஒவ்வொரு பிரிவும் இந்தக் கடிதத்துக்கே ஒரு வரி பதில் போடுங்கள்: உங்கள் லேபிளில் மிகப் பழைய நிலுவையின் தேதி, அது எதற்காக நிற்கிறது. அடுத்த வெள்ளி, டிசம்பர் 19 அன்று, அந்தத் தேதிகளிலிருந்து தொடங்குவோம்.

நன்றி,
முன்பதிவுப் பிரிவு
மிஷன் வீதி, புதுச்சேரி